முப்பத்தொன்று எந்த நாள்? யாழ்ப்பாணச் செத்தவீட்டைச் சக ஊழியருக்கு விளக்கிய நான்கு நிமிடக் காணொளி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு தனியார் அலுவலகத்தில் வாணி விழா. தகப்பனை இழந்த கணக்காளர் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். பூசை நடந்த மண்டபத்துக்குள் அவர் வரவில்லை. கணக்குப் பிரிவிலேயே இருந்துவிட்டார். குருநாகலில் இருந்து மாற்றலாகி வந்த சக ஊழியர் ஒருவர், ஆளைத் தனியே விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், ஒரு தட்டில் அவலும் கடலையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். கணக்காளர் கையை நீட்டவில்லை. "எனக்கு வேண்டாம், குறை நினைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னார். கொடுக்க வந்தவர் தட்டோடு திரும்பினார். தன் கையால் வாங்க மறுத்துவிட்டார் என்றே அவருக்குப் பட்டது.

வீட்டில் துடக்கு இருப்பவர் கோயிலுக்குப் போவதில்லை, பூசையில் நிற்பதில்லை, பிரசாதம் வாங்குவதில்லை. இது சைவ ஊழியர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனாலேயே ஒருவரும் மற்றவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் 14 பேர்: சைவர் ஆறு, கத்தோலிக்கர் மூன்று, பௌத்தர் மூன்று, முஸ்லிம்கள் இருவர்.

அந்த மாதத்தில் இன்னும் இரண்டு இடறல்கள் நடந்தன. தீபாவளி, மரணத்தின் 29ஆம் நாளில் வந்தது. விளக்கும் பூவும் போட்ட வாழ்த்துப் படங்கள் கணக்காளரின் வட்ஸ்அப்புக்குப் போய்ச் சேர்ந்தன. கொழும்புக் கணக்காய்வுக்கு அவரை அனுப்பும் நாளாக நிர்வாகம் நவம்பர் 1ஐக் குறித்திருந்தது. அதுதான் அந்தியேட்டி, அதாவது முப்பதாம் நாள் கிரியை நடக்கும் நாள். நிர்வாகத்தின் பிழை கெட்ட எண்ணத்தால் வந்ததல்ல. தகனம் நடந்த 5ஆம் திகதியிலிருந்து 31 நாளை எண்ணினார்கள். அந்தக் கணக்கில் நவம்பர் 4 வரை எதுவும் இல்லை. வீட்டார் எண்ணியது மரணம் நடந்த 3ஆம் திகதியிலிருந்து.

மூன்றுக்கும் பிறகுதான் ஒரு சிறு காணொளி செய்வோம் என்ற யோசனை வந்தது. செய்தவர்கள் மூன்று ஊழியர்கள். கணக்காளரிடம் முதலில் சம்மதம் கேட்டார்கள். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: "அப்பாவின்ர பேரும் படமும் எங்கேயும் வரக் கூடாது. செத்தவீட்டில எடுத்த ஒரு படமும் பாவிக்கக் கூடாது." பின்னால் நடந்த பல நல்ல முடிவுகளுக்கு இந்த நிபந்தனையே காரணம்.

முதல் வரைவு ஏன் விழுந்தது

முதல் வரைவு 11 நிமிடம் ஓடியது. உயிர் பிரிவதில் தொடங்கி ஆண்டுத் திவசம் வரை எல்லாக் கிரியைகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தத்துவ விளக்கமும் இருந்தது. குடம் உடலைக் குறிக்கும், குடத்து நீர் உயிரைக் குறிக்கும், மூன்று ஓட்டை மும்மலத்தைக் குறிக்கும் என்ற மாதிரி. அதை எழுதியவர் ஆசையோடும் பக்தியோடும் எழுதியிருந்தார். ஒரு குருக்களிடம் காட்டியபோது, மும்மல விளக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்திலிருந்த வலிகாமத்து மூத்த பெண்மணி ஒருவர் வேறு விளக்கம் சொன்னார். தென்மராட்சிக்காரர் மூன்றாவதாக ஒன்று சொன்னார்.

செய்கையில் பெரும்பாலும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். பொருள் சொல்லும்போதுதான் பிரிகிறார்கள். வேற்று மதத்தவருக்குச் சொல்லும் நான்கு நிமிடத்தில் பிரிகிற இடத்தை ஏற்றினால், பார்க்கும் சைவர்களே அங்கேயே வாதம் தொடங்குவார்கள். எனவே இரண்டாம் வரைவில் விதி ஒன்று வைக்கப்பட்டது: கண்ணால் காணக்கூடியதை மட்டும் சொல்வது. பொருள் சொல்லியே ஆக வேண்டுமென்றால் "பலர் இப்படிச் சொல்வார்கள்" என்ற வாசகத்தோடு சொல்வது. முழுக் காணொளியிலும் அந்த வாசகம் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, குடம் உடைக்கும் இடத்தில்.

முதல் வரைவில் இன்னொரு வரியும் இருந்தது: "சவரம், வெள்ளை கட்டுதல், பறை ஆகியவற்றைக் குடிமக்கள் வந்து செய்வார்கள்." வெளியூரார் இதைப் பொதுமக்கள் என்று வாசித்துவிட்டுப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் குடிமக்கள் என்றால் சாதியின் பெயரால் இந்தத் தொழில்கள் சுமத்தப்பட்டவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் அந்த வரியைப் பார்த்ததும், "இது போனால் நான் இதில இல்லை" என்றார். அந்த வரி அன்றே நீக்கப்பட்டது. பறைமேளத்தின் ஒலியையும் பாவிக்கவில்லை. அந்தத் தொழிலைத் தங்கள் மீது சுமத்த விடமாட்டோம் என்று விட்டு விலகிய ஊர்கள் பல உண்டு. இன்றும் அதைக் கலையாகப் பேணுவோரும் உண்டு. இந்த வரலாற்றைப் பின்னணி ஒலியாகப் போட்டுக் கடந்து போவது நியாயமில்லை. சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டும். நான்கு நிமிடக் காணொளி அதற்கான இடமல்ல.

இரண்டாம் வரைவு சக ஊழியரின் பக்கமிருந்து தொடங்கியது. அவர் வாசலில் நிற்கிறார். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அவருக்கு எது தேவையோ அதுவே காணொளியின் ஒழுங்கு. நீளம் 3 நிமிடம் 50 வினாடி, பேச்சு ஏறத்தாழ 330 சொல். இழவுச் செய்தியை யாரும் வேகமாகச் சொல்வதில்லை. நிமிடத்துக்கு 90 சொல்லுக்கு மேல் போனால் தமிழ் கேட்பவருக்கே அவசரமாகப் படும்.

நாள்களை எண்ணுதல்

காணொளியின் மிகப் பயனுள்ள பகுதி அதன் நடுவில் வரும் ஒரு நிமிடம். அதில் ஒரு நாட்காட்டித் தாளும் ஒரு விரலும் மட்டும்தான் தெரியும். விரல் 3ஆம் திகதியைத் தொடுகிறது: "இது முதலாம் நாள்." மரணம் நடந்த நாளையே ஒன்றாக எண்ணுவது வழக்கம். அப்படி எண்ணினால் எட்டாம் நாள் 10ஆம் திகதி. ஒக்டோபருக்கு 31 நாள் என்பதால் முப்பதாம் நாள் நவம்பர் 1, முப்பத்தோராம் நாள் நவம்பர் 2. நிர்வாகம் செய்ததுபோலத் தகன நாளிலிருந்து எண்ணினால் இரண்டு நாள் பிந்திவிடும். மரண நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணினால் ஒரு நாள் பிந்தும்.

கனடாவிலோ சுவிஸிலோ இருந்து பிள்ளைகள் வந்து சேர உடலை நாலைந்து நாள் வைத்திருக்கும் வீடுகளில் எட்டும் முப்பத்தொன்றும் எப்போது என்பதைக் குருக்களோடு பேசித்தான் முடிவு செய்வார்கள். பிராமணக் குடும்பங்களில் துடக்கு 10 நாள் மட்டுமே. ஆகவே காணொளி கணக்கைக் கற்றுக்கொடுத்துவிட்டு, "நீங்களே எண்ணி முடிவு செய்ய வேண்டாம், வீட்டாரைக் கேளுங்கள்" என்று சொல்கிறது. கேட்பது அநாகரிகமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பௌத்த ஊழியர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. துக்க வீட்டில் நாள் விசாரிப்பது மனம் நோகச் செய்யும் என்று நினைத்தே அவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

நாட்காட்டியில் நான்கு இடங்களுக்குத்தான் விளக்கம் உண்டு. தகனத்தின் மறுநாளோ மூன்றாம் நாளோ காடாத்து: சாம்பலையும் எலும்பையும் சேர்த்துக் கடலில் கரைப்பது. சில வீட்டார் ஒரு பகுதியை அந்தியேட்டி வரை வைத்திருப்பார்கள். அடுத்தது எட்டு, அதாவது எட்டுச் செலவு: இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டவற்றைப் படைப்பது. பிறகு அந்தியேட்டி, கடைசி வேள்வி என்பதே அந்தச் சொல்லின் பொருள். அது பெரும்பாலும் விடியற்காலையில் கீரிமலைத் தீர்த்தக்கரையில் நடக்கும். கடைசியாக முப்பத்தோராம் நாள், வீட்டிலேயே செய்யும் கிரியையான வீட்டுக்கிருத்தியமும் மதியபோசனமும்.

எட்டில் ஒரு முரண் இருக்கிறது. கவனிப்பவர் கட்டாயம் கேட்பார். துடக்கு வீட்டில் 31 நாளும் மரக்கறிதான் என்று சொல்லிவிட்டு, எட்டன்று சில வீடுகளில் மீனும் இறைச்சியும் படைப்பதை எப்படி விளக்குவது? முதல் வரைவு இதை மறைத்தது. இரண்டாம் வரைவு ஒரே வாக்கியத்தில் சொன்னது: "அன்று மட்டும் இறந்தவருக்குப் பிடித்தது முக்கியம்; அது மரக்கறியாகவும் இருக்கலாம், மச்சமாகவும் இருக்கலாம், வீட்டுக்கு வீடு மாறும்." மறைத்த வரைவைவிட இந்த வாக்கியம் நாணயமானது. பார்த்தவர்களில் ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அழைப்பிதழை வாசித்தல்

செத்தவீட்டுக்கு அழைப்பில்லை, கேள்விப்பட்டதே அழைப்பு. முப்பத்தொன்றுக்கு மட்டும் கார்ட் வரும். வழமையான வாசகம் இப்படி இருக்கும்: "அன்னாரின் அந்தியேட்டிக் கிரியைகள் வெள்ளிக்கிழமை அதிகாலை கீரிமலை தீர்த்தக்கரையிலும், வீட்டுக்கிருத்திய நிகழ்வு மறுநாள் சனிக்கிழமை அவரது இல்லத்திலும் நடைபெறும். அத்தருணம் தாங்கள் குடும்ப சமேதராய் வருகை தந்து, ஆத்ம சாந்திப் பிரார்த்தனையிலும் தொடர்ந்து நடைபெறும் மதியபோசனத்திலும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதைச் சிங்களத்துக்கு மாற்றிக் கேட்டவருக்கு எஞ்சியது இரண்டு விடயம்: குடும்பத்தோடு வா, மதியம் சாப்பாடு. கலியாண அழைப்பின் சாயல். என்ன பரிசு கொண்டுபோவது என்று ஒருவர் கேட்டார். கத்தோலிக்க ஊழியர்களுக்குக் குழப்பமில்லை. யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் மத்தியிலும் 31ஆம் நாள் நினைவுத் திருப்பலி வழக்கமாக இருப்பதால் கணக்கு அவர்களுக்குப் பழகியது. பௌத்தர்களுக்குத் தங்கள் ஏழாம் நாள் தானத்தோடு ஒப்பிட்டுச் சொன்னதும் பிடிபட்டது. ஒப்பீடு அங்கே நிறுத்தப்பட்டது. தானத்தில் முதலில் பிக்குமாருக்குப் படைப்பது நடுவிடயம். இங்கே வீட்டாருக்கும் ஊருக்கும் இடையே துக்கம் முடிந்து வாசல் திறப்பது நடுவிடயம். இரண்டும் ஒன்றே என்று சொன்னால் இரண்டுக்கும் பிழை.

காணொளியில் கார்ட்டின் மாதிரி ஒன்று திரையை நிறைக்கிறது. பெயர் எதுவும் இல்லாமல் அச்சிட்டு எடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு விளக்கம். கீரிமலைக்குப் போவது நெருங்கிய உறவினர். சக ஊழியர் போக வேண்டியதில்லை. வீட்டுக்குப் போவது மதியத்தை ஒட்டி. பரிசு வேண்டாம். சாப்பாடு வாழையிலையில், மரக்கறி. போகும்போது கையில் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். அதில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும் தேவார திருவாசகங்களும் இருக்கும். அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதே மரியாதை. கதிரையில் வைத்துவிட்டு வருவது வீட்டாரைக் கவலைப்படுத்தும்.

துடக்கு என்ற சொல்

மிக நீண்ட வாதம் இந்த ஒரு சொல்லுக்காக நடந்தது. தமிழில் துடக்கு என்று சொன்னால் போதும். ஒருவரோடொருவர் தொடர்பு உண்டு என்ற உணர்வும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டிலும் துடக்கு உண்டு, அது துக்கமே அல்ல. திரையின் கீழே வரும் எழுத்துரையை மொழிபெயர்த்தபோது ஆங்கிலத்தில் அழுக்கு என்ற பொருள் தரும் சொல் வந்து விழுந்தது. சிங்களத்தில் 'கில்ல' என்று ஒரு சொல் இருக்கிறது. பொருள் கிட்ட வரும். ஆனால் சிங்களம் பேசுபவர் அதைக் கேட்டதும் அவருக்கு வேறு பல தடைகளும் பயங்களும் ஞாபகம் வருகின்றன. முதல் எழுத்துரையைப் பார்த்த பௌத்த ஊழியர் கேட்டது இது: "அப்ப நான் அவரோட இருந்து சாப்பிட்டது பிழையா?"

அந்தக் கேள்வியைத்தான் விளக்கம் தீர்க்க வேண்டும். ஆகவே சொல்லை மொழிபெயர்க்காமல் துடக்கு என்றே சிங்கள எழுத்தில் எழுதி, உடனே அதன் செயலைச் சொன்னார்கள்: "இந்த நாள்களில் வீட்டார் கோயிலுக்குப் போவதில்லை, பூசையில் சேர்வதில்லை, பிரசாதம் வாங்குவதில்லை, கொண்டாட்டங்களுக்குப் போவதில்லை. வேலை செய்யலாம், பேசலாம், ஒன்றாக இருந்து சாப்பிடலாம். அவரைத் தொடுவதால் உங்களுக்கு எதுவும் இல்லை." செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் வீட்டுக்குள் நுழையுமுன் முழுகுவது சைவர்களின் வழக்கம். வேற்று மதத்தவர் அதைக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை என்பதும் சொல்லப்பட்டது.

தாடியும் இங்கேதான் வருகிறது. கிரியை செய்த மகன் செத்தவீட்டன்று சவரம் செய்துகொள்வார். பலர் அதன்பின் அந்தியேட்டி வரை சவரம் செய்வதில்லை. அலுவலகத்தில் அது சோம்பலாகவோ சுகவீனமாகவோ தோன்றலாம். வாடிக்கையாளரைச் சந்திக்கும் பிரிவில் இருப்பவரிடம் மேலாளர் தாடியைப் பற்றிக் கேட்டுவிட்டால், அவர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

விடுமுறைக் கணக்கையும் குழு இந்த இடத்தில் வைத்தது. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் ஓராண்டு முடித்தவருக்கு வருடத்துக்கு 7 நாள் தற்செயல் விடுமுறையும் 14 நாள் வருடாந்த விடுமுறையும் உண்டு. துக்கத்துக்கென்று தனி விடுமுறை இல்லை. எனவே பெரும்பாலானோர் எட்டு முடிந்ததும் வேலைக்கு வருவார்கள், துடக்கோடுதான். வேலைக்கு வந்துவிட்டார் என்பதால் துக்கம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாணி விழாவில் நடந்த பிழையின் வேர் இதுவே.

சுடலையை எப்படிக் காட்டுவது

கொள்ளி வைக்கும் காட்சி வேண்டுமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. அதில்லாமல் சைவச் செத்தவீடு எப்படி முழுமையாகும் என்றார்கள் ஒரு பக்கத்தார். மறு பக்கத்தில் அலுவலகத்தின் முஸ்லிம் ஊழியர் ஒருவர் அமைதியாக ஒன்றைச் சொன்னார். 2020இல் கொரோனாவால் இறந்தவர்களின் உடலை எரித்தே ஆக வேண்டுமென்று அரசு கட்டாயப்படுத்தியது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்தில் உறவினரை இழந்தவருக்குச் சிதையின் படம் வெறும் பண்பாட்டுத் தகவல் அல்ல.

எனவே சிதை, நெருப்பு, உடல் மூன்றும் காணொளியில் இல்லை. வரைவிலிருந்த "எரிப்பதால் சுத்தமாகிறது" என்ற வாக்கியமும் போயிற்று. எங்கள் வழக்கத்தைச் சொல்லும்போது அடக்கம் செய்பவரின் வழக்கத்துக்கு மறைமுகமாகக் குறை சொல்லிவிடக் கூடாது. "உடலைத் தகனம் செய்வார்கள், துறவிகளையும் சிறு குழந்தைகளையும் அடக்கம் செய்வதும் உண்டு" என்பதோடு நின்றது.

சிதைக்குப் பதிலாகக் குடம் வந்தது. புதிய மண்குடம், கழுத்துவரை தண்ணீர். முன்னின்று கிரியை செய்பவர் குடத்தை இடத்தோளில் வைக்கிறார். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் செய்வது வழக்கம். அவர் இடப்பக்கமாக மூன்று முறை சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் வருபவர் கத்தியால் குடத்தில் ஓர் ஓட்டை போடுகிறார். தண்ணீர் தோளில் வழிந்து நிலத்தில் கோடாக விழுகிறது. மூன்றாம் சுற்று முடிந்ததும் பின்பக்கமாகக் குடத்தைப் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் நடக்கிறார். இதைச் சுடலையில் எடுக்கவில்லை. வளவொன்றில் குழுவைச் சேர்ந்த ஒருவரின் தோளையும் குடத்தையும் மட்டும் நெருக்கத்தில் எடுக்கலாம் என்றபோது, "நடிச்சும் அதைச் செய்யக் கூடாது, தகப்பன் இருக்கிற பிள்ளை" என்று மூத்த பெண்மணி தடுத்தார். சரியான தடை. கடைசியில் தோளும் இல்லை, சுற்றும் இல்லை. கல்லின் மேல் வைத்த குடம், அதன் பக்கத்திலிருந்து வழியும் நீர்க்கோடு, 12 வினாடி. மிச்சத்தைக் குரல் சொன்னது. எடுத்த காட்சிகளில் இதுவே மிக நன்றாக வந்தது.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை என்று தட்டையாகச் சொன்ன வரியும் மாறியது. "வழமையில் ஆண்களே போவார்கள், இப்போது பெண்கள் போகும் குடும்பங்களும் உண்டு. பெண் ஊழியர்கள் வீட்டுப் பெண்களோடு நின்றுகொள்ளலாம்." பெரும்பாலும் வீட்டில் நிற்பவரைத்தான் வீட்டுப் பெண்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

எடுத்த விதமும் எழுத்துரையும்

கைபேசியைக் கிடையாகப் பிடித்து, காலை எட்டு மணி வெளிச்சத்தில் விறாந்தையில் எடுத்தார்கள். தென்னங்குருத்தில் தோரணம் பின்னும் இரண்டு கை, நிறைகுடம், உரலும் உலக்கையும், கீரிமலையின் கடல். செத்தவீட்டுத் தோரணத்தின் குருவித்தலை கீழே பார்க்கும், மங்கலத் தோரணத்தினது மேலே பார்க்கும். பின்னியவர் பழக்கத்தில் மேலே பார்க்கவிட்டு விட்டார். முதல் நாள் எடுத்தது முழுக்க வீண். கீரிமலையில் காலையில் கிரியை நடக்கும் என்பதால் பிற்பகலில் போய், கரையில் ஆளில்லாத பக்கத்தை மட்டும் எடுத்தார்கள். ஒரு முதுகுகூடத் தெரியக் கூடாது என்பது முன்பே பேசியது.

பின்னணி இசை இல்லை. சோக வயலின் போட்டுப் பார்த்தபோது விளம்பரம் போல ஆகிவிட்டது. ஒரே ஓர் இடத்தில் ஒலி உண்டு: சுண்ணம் இடிக்கும் உலக்கைச் சத்தமும், மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தை ஒற்றைக் குரலில் பாடுவதும், ஆறு வினாடி. பிரேதத்துக்குச் சுண்ணம் இடிக்கும்போது பாடப்படும் அந்த இருபது பாடல்களும் சாவுக்காக எழுந்தவை அல்ல. இறைவனை நீராட்டச் சுண்ணம் இடிக்கும் பாடல்கள். வெளியிலிருந்து வருபவர் வாசலில் முதலில் கேட்பது இந்தச் சத்தமாக இருக்கக்கூடும் என்பதால் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

எழுத்துரையில் எதிர்பாராத சிக்கல் ஒன்று. தமிழும் சிங்களமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். வாக்கியத்தை எங்கே வெட்டினாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஆங்கிலத்தில் 'இல்லை' முன்னாலேயே வந்துவிடும். "விடைபெறும்போது போட்டு வாறன் என்று சொல்வதில்லை" என்ற வாக்கியம் இரண்டு துண்டாக வெட்டுப்பட்டிருந்தது. ஆங்கில வாசகர் முதல் துண்டிலேயே தடையை வாசித்துவிட்டார். தமிழ் கேட்பவர் அந்நேரம் "சொல்வது" வரைதான் வந்திருந்தார். ஒன்றாக இருந்து பார்ப்பவர்களில் பாதிப்பேர் முன்னதாகத் தலையசைக்க, மற்றவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தடை சொல்லும் வாக்கியங்களை வெட்டாமல் ஒரே துண்டாக, ஐந்து வினாடி நிற்கவிட்டதும் தீர்ந்தது.

இன்னொன்று சிங்கள எழுத்துரு. கைபேசிச் செயலியில் பதித்தபோது கூட்டெழுத்துகள் உடைந்து தனித்தனியாக நின்றன. தமிழ்க் குழுவின் கண்ணுக்கு அது தெரியவில்லை. சிங்கள ஊழியர் பார்த்த உடனே சொன்னார். கணினியில் வேறு எழுத்துருவோடு மீண்டும் பதிக்க வேண்டியிருந்தது. முடிவுக் கோப்பு 720 வரித் தெளிவில், வினாடிக்கு 2 மெகாபிட் வீதத்தில் 58 எம்பிக்குள் அடங்கியது. கைபேசி எடுத்தபடியே விட்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு. வட்ஸ்அப் அதை நசுக்கி எழுத்துரையை வாசிக்க முடியாமல் ஆக்கியிருக்கும்.

பார்த்தவர்கள் கேட்டவை

வெளியிடுமுன் ஐந்து பேருக்குக் காட்டினார்கள்: குருக்கள், கணக்காளரின் தாயார், கத்தோலிக்கர் ஒருவர், பௌத்தர் ஒருவர், முஸ்லிம் ஒருவர். தாயாருக்குத் தனியே, அவர் வீட்டில், அவர் கேட்டபோது மட்டும். அவர் ஒரே ஒரு மாற்றம் கேட்டார். தாலி பற்றிய வாக்கியம் வேண்டாம் என்றார். அது அப்படியே எடுக்கப்பட்டது, காரணம் கேட்கப்படவில்லை.

முஸ்லிம் ஊழியரின் கேள்வி உணவைப் பற்றியது. படைத்த சோற்றைத் தரும்போது மறுத்தால் வீட்டார் மனம் நோவார்களா? பூ போடச் சொன்னால்? வாய்க்கரிசி? இதற்குக் கணக்காளரே பதில் சொன்னார். அந்தப் பதிலை அவருடைய சொல்லிலேயே குரலாகச் சேர்த்தார்கள்: "வாய்க்கரிசி எங்கட சொந்தக்காரருக்குரியது, உங்களை ஒருதரும் கேக்க மாட்டினம். பூ தந்தால் வாங்கிக் காலடியில வைக்கலாம், விருப்பமில்லையெண்டால் கையெடுத்துக் கும்பிடவும் தேவையில்லை, சும்மா நிண்டால் போதும். படைச்சது வேண்டாமெண்டால் முதலே சொல்லுங்கோ, படைக்காத சாப்பாட்டில ஒரு பங்கு எடுத்து வைப்பம்."

பௌத்த ஊழியர் கேட்டது: என்ன சொல்லி ஆறுதல் சொல்வது? காணொளியின் பதில் மிகச் சிறியது. ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருந்தால் போதும். எழும்பிப் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் வழியனுப்ப வராவிட்டால் அவமதிப்பல்ல. வெள்ளை அல்லது மங்கலான நிற உடுப்பு. அலுவலகத்தின் சார்பில் மலர்வளையம் தரலாம். அன்று வீட்டில் அடுப்பு எரியாது. அயலார்தான் சமைத்துக் கொடுப்பார்கள். உதவ விரும்பினால் மரக்கறிச் சாப்பாடு கொண்டுபோகலாம். அந்த ஒரு வருடம் பொங்கல், சித்திரை வருடம், தீபாவளி எதற்கும் வாழ்த்து அனுப்ப வேண்டாம்.

கடைசிக் காட்சி ஆண்டுத் திவசம். 14 வினாடிதான். திவசம் திகதியில் வருவதில்லை, திதியில் வரும் என்று அது சொல்கிறது. அலுவலகச் செயலாளர் அடுத்த ஆண்டு விடுமுறைப் பதிவேட்டில் கணக்காளரின் பெயருக்கு நேரே ஒக்டோபர் 3 என்று குறித்து வைத்திருந்தார். காணொளியைப் பார்த்த பிறகு, முப்பத்தொன்றில் வாங்கிவந்த கல்வெட்டை மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்தார். அதன் திதி வெண்பாவில் புரட்டாதி மாதம், பூர்வபக்கப் பிரதமை என்று இருந்தது. பஞ்சாங்கத்தில் பார்த்ததில் அது பதினொரு நாள் முன்னதாகவே வந்தது. ஒக்டோபர் 3ஐ வெட்டிவிட்டு செப்டெம்பர் 22 என்று எழுதினார்.